ஒரே ஊசி, வெவ்வேறு வயது: நோயுற்ற குழந்தையிடம் என்ன சொல்வது, எப்படி விளையாட வைப்பது

குழந்தைகள் வார்டில் ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் லைன் போடுவது சில நிமிட வேலை. கேன்யுலா என்ற அந்தச் சாதனத்தில், மெல்லிய ஊசி ஒன்றின் மேல் மிருதுவான பிளாஸ்டிக் குழாய் போர்த்தியிருக்கும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் மூடி கொண்ட 24 கேஜ் என்ற மெல்லிய அளவு, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் தடித்த, நீல மூடி கொண்ட 22 கேஜ். ரத்தக்குழாய் கிடைத்ததும் ஊசியை உருவி வெளியே எடுத்துவிடுவார்கள். கைக்குள் தங்குவது குழாய் மட்டும்தான். இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலான குழந்தைகளிடம் யாரும் சொல்வதில்லை. ஊசி இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று நினைத்து, மூன்று நாள் கையை அசைக்காமல் மரக்கட்டை போல வைத்திருக்கும் குழந்தைகள் உண்டு.

5 மாதக் குழந்தைக்கும் 14 வயதுப் பையனுக்கும் போடுவது ஒரே மாதிரிக் கேன்யுலாதான். அதைச் சந்திக்கும் மனம்தான் வேறு. எந்த மாதத்தில் என்ன செய்யும் என்ற வளர்ச்சிப்படிகளின் பட்டியலை நாம் வழக்கமாகக் குழந்தை பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்கவே எடுக்கிறோம். வார்டில் அதற்கு வேறொரு பயன் உண்டு. இந்தக் குழந்தையிடம் இப்போது என்னென்ன திறன்கள் இருக்கின்றன, அவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு இந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தலாம் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள மாதங்கள் கெடு தேதிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் பிடிப்பின்றி நடக்கத் தொடங்கிய காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் போல, கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்: எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து இன்று பத்து மாதமான குழந்தையிடம் எட்டு மாதத்துக்குரியதைத்தான் எதிர்பார்க்கலாம்.

பேச்சுக்கு முந்தைய மாதங்கள்

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு வரும், நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும். ஐந்து மாதக் குழந்தை எந்த நர்ஸ் தூக்கினாலும் பெரும்பாலும் அழாது. அதற்கு வலி உண்டு, பயம் இன்னும் உருவாகவில்லை. ஆகவே இங்கே விளக்கம் சொல்ல வேண்டியது உடலுக்குத்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால், வயிற்றைக் காலியாக வைக்க மருத்துவர் சொல்லாதபோது, ஊசிக்கு முன்பே மார்பில் சேர்த்து, குத்தும்போதும் அதன் பிறகும் குடிக்க விடலாம். தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று. பலர் செய்யும் தவறு, ஊசி போட்ட பிறகு அழுகையை அடக்கப் பால் கொடுப்பது. உறிஞ்சுதல் முன்பே தொடங்கியிருந்தால்தான் வலி மட்டுப்படும்.

எட்டு ஒன்பது மாதத்தில் நிலைமை தலைகீழாகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருள் எங்கோ இருக்கிறது என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. துண்டின் கீழ் கிலுகிலுப்பையை மறைத்தால் துண்டை இழுத்துத் தேடும். அதே அறிவுதான், கதவுக்கு வெளியே போன அம்மா எங்கோ இருக்கிறாள், இங்கே இல்லை என்பதையும் புரிய வைக்கிறது. வேற்று முகம் பார்த்து வீறிடுவதும், அம்மா நகர்ந்தால் அலறுவதும் இந்த வளர்ச்சியின் விலை. பிரிவின் பயம் 10 முதல் 18 மாதம் வரை உச்சத்தில் இருக்கும். இந்த வயதுக் குழந்தைக்கு ஊசி போடும்போது "வெளிய இருங்கம்மா" என்பது மிகத் தவறான உத்தரவு. வலியோடு பிரிவும் சேர்ந்துகொள்கிறது. 1950களில் லண்டன் மருத்துவமனைகளில் பெற்றோருக்குப் பார்வை நேரம் மட்டும் தந்த காலத்தில், மனநலச் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் சிறு குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தார். முதலில் எதிர்ப்பு, பிறகு சோர்வு, கடைசியில் ஒட்டாமை. அந்தச் சோர்வைத்தான் ஊழியர்கள் "குழந்தை பழகிடுச்சு" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையிலுள்ள குழந்தைகளின் நலன் பற்றி 1959இல் பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கை பெற்றோரைக் குழந்தையோடு இருக்க விடச் சொன்னது. நம் ஊர் வார்டுகளில் அம்மாவோ பாட்டியோ பக்கத்திலேயே இருப்பது வழக்கம். ஊசி போடும் அறையின் வாசலில் மட்டும் அந்த வழக்கம் நின்றுவிடுகிறது.

இந்த வயதில் படுக்கவைத்து நாலுபேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பது மேல். குழந்தை துள்ளுவது குறைவதால் லைன் போடுகிறவருக்கும் வேலை எளிது. விளையாட்டு என்றால், முந்தானையால் முகத்தை மறைத்து "காணோமே... இதோ!" என்று காட்டுவதுதான். போனவர் திரும்பி வருவார் என்பதற்கான ஒத்திகை அது. கழிப்பறைக்குப் போகும்போதுகூடக் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல், சொல்லிவிட்டு அழவிட்டுப் போவது நல்லது. விழித்துப் பார்க்கையில் ஆள் இல்லை என்று ஒருமுறை கண்ட குழந்தை, பிறகு கண்ணை மூடவே மறுக்கும்.

ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நடை வருகிறது, "நானே" என்ற சொல் வருகிறது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த வாக்கியம் வருகிறது. இப்படிப்பட்ட குழந்தையைக் கட்டிலில் கட்டிப்போடுவதே பெரிய தண்டனை. லைன் போட்ட கையோடும் நடக்க முடியும் என்றால், மருத்துவரைக் கேட்டு நடக்க விடுங்கள். முன்கூட்டியே விளக்கம் சொல்வதில் பயனில்லை. இரண்டு வயதுக்கு "நாளைக்கு" என்பதே புரியாது. ஊசிக்கு ஓரிரு நிமிடம் முன், "கையில சுருக்னு இருக்கும், அம்மா பிடிச்சுக்கறேன்" என்ற அளவே போதும்.

நான்கு வயது: ஒரு குழந்தையின் கதை

மூன்றிலிருந்து ஆறு வயது வரைதான் சொற்கள் மிக அதிகமாக உதவும், மிக அதிகமாகக் கெடுக்கவும் செய்யும். இந்த வயதுக் குழந்தை ஓயாமல் பேசுவதால் எல்லாம் புரிகிறது என்று ஏமாந்துவிடுகிறோம். உண்மையில், இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று அது முடிவு கட்டும். தம்பியை அடித்த மறுநாள் காய்ச்சல் வந்தால், அடித்ததற்குத்தான் காய்ச்சல். இதற்கு நாமே உரம் போடுகிறோம்: "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." பிறகு உண்மையிலேயே ஊசி வரும்போது அது தண்டனை அல்ல என்று நம்பவைக்க என்ன வழி?

நிமோனியாவோடு சேர்க்கப்பட்ட நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளைக்கு ரத்தக்குழாய் வழியாக மருந்து போக வேண்டும். லைன் போட அரை மணி நேரம் இருக்கிறது.

முதல் வேலை கேட்பது. "இருமல் எதனால வந்துச்சுன்னு நீ நினைக்கிற?" இந்த வயதில் பல குழந்தைகள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். இவள் சொல்கிறாள்: "ஐஸ் தின்னேன்ல." ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்த அன்று பாட்டி சொன்னது மனதில் பதிந்துவிட்டது. இதை எடுக்காமல் மேற்கொண்டு விளக்கினால் எதுவும் ஏறாது. "இல்லடா, ஐஸ் தின்னதாலயும் இல்ல, நீ செஞ்ச எதனாலயும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமியால வந்தது" என்று நேராகச் சொல்ல வேண்டும். பாட்டியும் அதையே சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்து விளக்கம், நான்கைந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். "உன் நெஞ்சுக்குள்ள காத்துப் போற பை ரெண்டு இருக்கு. அதுல சளி கட்டியிருக்கு, அதான் இருமல். மருந்து அங்க போகணும். கை வழியாப் போனாச் சீக்கிரம் போகும். அதுக்குச் சின்னக் குழாய் ஒண்ணு கையில வைப்பாங்க." கிருமியைப் "பூச்சி" என்று சொல்லக் கூடாது. நமக்கு அது பேச்சுவழக்கு. அவளுக்கு நெஞ்சுக்குள் கரப்பான்பூச்சி ஊர்கிறது. "ரத்தம் எடுப்பாங்க" என்றால் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று நினைப்பாள். சோதனைக் குழாயைக் காட்டி "இத்தனூண்டு மட்டும், உடம்பு மறுபடியும் செஞ்சுக்கும்" என்றால் தீர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையிடம் "தூங்க வச்சிடுவாங்க" என்பது இன்னும் ஆபத்தான சொல். தாத்தா "தூங்கிட்டார்" என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "மருந்து குடுத்து வர்ற தூக்கம், வலி தெரியாது, முடிஞ்சதும் டாக்டரே எழுப்பிடுவாங்க" என்று இரண்டு தூக்கத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதை வரிசையாகச் சொல்வது. இதற்கு நம் மொழியில் அருமையான சொற்கள் இருக்கின்றன. பஞ்சு தடவும்போது சில்லுனு இருக்கும். மேலே கட்டும்போது இறுக்கமா இருக்கும். அப்புறம் சுருக்குனு இருக்கும். "வலிக்காது" என்ற சொல்லுக்கு மட்டும் இடமில்லை. அது முதல் தடவை செல்லுபடியாகும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் செல்லுபடியாகாது. "எறும்பு கடிச்ச மாதிரி" என்பது பாதிப் பொய். கட்டெறும்பிடம் கடி வாங்கிய குழந்தைக்கு அது பயமுறுத்தலும்கூட. "சில பேருக்குக் கொஞ்சமா வலிக்கும், சில பேருக்கு நிறைய. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் சொல்லு" என்றால் பயத்தின் இடத்தில் ஒரு வேலை வந்து உட்காருகிறது.

பிறகு பொம்மை. ஊசி நீக்கிய கேன்யுலா, பஞ்சு, பிளாஸ்திரி, ஊசியில்லாத சிரிஞ்சு. ஒருமுறை பொம்மைக்குப் போட்டுக் காட்டி, "பாரு, ஊசி வெளிய வந்திருச்சு, குழாய் மட்டும்தான் உள்ள" என்று குழாயை விரலால் வளைத்துக் காட்டலாம். பிறகு அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். வரைகிற கை எது என்று கேட்டு, முடிந்தால் மற்றக் கையில் லைன் போடச் சொல்ல வேண்டும். வலது கையில் போட்டுக் கட்டை வைத்துக் கட்டிவிட்டால் ஐந்து நாள் விளையாட்டே போய்விடும்.

தேர்வு கொடுக்கும்போது உண்மையான தேர்வாக இருக்கட்டும். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டு, அவள் வேண்டாம் என்ற பிறகும் போட்டால், கேட்டதே ஏமாற்று. "அம்மா மடியிலயா, கட்டில்லயா?", "பாக்கறியா, அந்தப் பக்கம் திரும்பிக்கறியா?" இவற்றுக்கு அவள் சொல்வதுதான் முடிவு. அவளுக்கென்று ஒரு வேலையும் கொடுக்கலாம். அந்தக் கை "ஸ்டாச்சு" ஆக வேண்டும், வாய் சோப்புக் குமிழி ஊத வேண்டும். குமிழி ஊதும்போது மூச்சு நீளமாக வெளியேறுவதால் உடம்பின் இறுக்கம் தளர்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டு விறைப்பதும் குறைகிறது. நிமோனியாவில் மூச்சு வாங்கினால் குமிழி வேண்டாம், படக்கதை போதும். அறையில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அப்பா ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம் தைரியம் சொன்னால் அது கூச்சலாகத்தான் கேட்கும்.

இவ்வளவு செய்தும் முதல் முயற்சியில் ரத்தக்குழாய் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் "ஒரே ஒரு தடவைதான்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "சில சமயம் இன்னொரு இடம் பாக்க வேண்டியிருக்கும்" என்று முன்பே சொல்லியிருந்தால் இரண்டாவது முயற்சி துரோகம் ஆகாது. இரண்டு முறை தவறினால் சற்று நிறுத்தி, அனுபவமுள்ள இன்னொருவரை அழைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். அவசரமில்லாத லைன் என்றால், மரத்துப்போகும் களிம்பு இருக்கிறதா என்றும் கேட்கலாம். அதைத் தடவி மூடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுக் "களிம்பு வேலை செய்யலை" என்பது வழக்கமாகக் கேட்கும் குறை.

அழுதால் அழட்டும். கை அசையாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. "சமத்து, அழவே இல்லை" என்று பாராட்டினால் அழுத குழந்தை தோற்றதாகிவிடும். "கையை ஸ்டாச்சு மாதிரி வச்சிருந்த" என்று செய்ததைச் சொன்னால் போதும்.

அன்று மாலை அவள் பொம்மைக்கு இருபது தடவை ஊசி குத்துகிறாள். "அழாத, அழுதா இன்னொண்ணு போடுவேன்" என்று அதட்டுகிறாள். பதறித் தடுக்க வேண்டியதில்லை. தனக்கு நடந்ததை, இந்த முறை ஊசி தன் கையில் இருக்க, மறுபடி நடத்திப் பார்க்கிறாள். அந்த அதட்டலை எங்கே கேட்டாள் என்று மட்டும் நாம் கவனித்துக்கொள்ளலாம். பொம்மையைத் தொட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். நாள் செல்லச் செல்ல இந்த விளையாட்டு மாறும்: பொம்மைக்குச் சோறு ஊட்டுவாள், டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்புவாள். பல நாள் கழித்தும் துளி மாற்றமில்லாமல் அதே கடுமையோடு அதே காட்சி திரும்ப நடந்தால்தான் மருத்துவரிடம் பேச வேண்டும்.

மூன்றாம் நாள் கை வீங்கி லைனை மாற்ற வேண்டி வரலாம். மருந்து குழாயிலிருந்து சுற்றியுள்ள சதைக்குள் கசிவதால் இது நடக்கும். அவள் கேட்பது: "நான் ஆட்டவே இல்லையே?" கட்டியிருந்த கையை அசைக்காதே என்று திட்டிக்கொண்டே இருந்திருந்தால் இந்தக் கேள்வி வரும். "நீ ஆட்டினதால இல்ல, அந்த இடத்துல குழாய் இத்தனை நாள்தான் தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் புதிய லைனைத் தொட வேண்டும். எடுத்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஓட்டை வழியே ரத்தம் முழுக்க ஒழுகிவிடும் என்று இந்த வயதில் பலர் உள்ளூர நம்புகிறார்கள்.

ஏழுக்குப் பிறகு

ஏழு எட்டு வயதில் காரண காரியம் ஓரளவு நேராகிறது. உடம்புக்குள் உறுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்பது புரியும். ஒரு தாளில் உடம்பின் கோட்டுருவம் வரைந்து, "நுரையீரல் எங்க இருக்கு, நீயே போடு" என்று கொடுத்தால், அவன் எதைத் தவறாக நினைக்கிறான் என்பது படத்திலேயே தெரியும். இந்த வயதில் பொதுவான பிழை, எல்லா நோயும் ஒட்டும் என்பது. சர்க்கரை நோயோ ரத்தப் புற்றுநோயோ வந்த பிள்ளை, தன் தங்கைக்குத் தொற்றிவிடும் என்று தள்ளி உட்காரும். யாரும் சொல்லாததால் யாரிடமும் கேட்காது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் நாலரை வயதுக்கு ஓரிரு நாள் முன்பு சொன்னால் போதும். இவனுக்கு ஒரு வாரம் வேண்டும், கேள்விகள் மெதுவாகத்தான் வரும். விதிகளும் எண்ணிக்கையும் பிடிக்கும் வயது என்பதால் ஒரு கையால் ஆடக்கூடிய பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் படுக்கையிலேயே ஓடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் சோழியையும் புளியங்கொட்டையையும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும், தொண்டையில் சிக்கும். எட்டு வயதிலிருந்து வலியைச் சுழியத்திலிருந்து பத்துக்குள் எண்ணாகக் கேட்கலாம். அதற்கு முன் முகப்படங்களைக் காட்டித்தான் கேட்க முடியும்.

கடுமையான நோயை மறைப்பது இந்த வயதில் பலிப்பதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட் லேங்னர் 1970களில் ரத்தப் புற்றுநோயுள்ள மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு வார்டில் இருந்து கவனித்தபோது, யாரும் சொல்லாமலேயே அவர்கள் தங்கள் நிலையைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பெற்றோர் வருந்தக் கூடாது என்று தெரியாதது போலவும் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளிடமிருந்தும், மாறும் மருந்துகளிலிருந்தும், கதவுக்கு வெளியே தாழும் குரல்களிலிருந்தும் படிப்படியாக அதைக் கூட்டிச் சேர்த்திருந்தார்கள்.

பதினாலு வயதுக்காரனிடம் பேச்சின் திசை மாறுகிறது. நோய் எப்படி வருகிறது என்பது அவனுக்குப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் கேட்காமல் வைத்திருப்பது வேறு: முடி கொட்டுமா, தழும்பு தெரியுமா, வகுப்பில் யாருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். மருத்துவர் அவனைப் பற்றி அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்க அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது அக்கறையின்மை அல்ல. அந்தப் பேச்சில் அவனுக்கு இடம் வைக்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் பத்து நிமிடமாவது பெற்றோர் வெளியே இருக்க அவனிடம் தனியாகப் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சொன்னது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை ஏன் விட்டான் என்பதற்கான உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வரும். உடை மாற்றும்போது திரையை இழுப்பதும், தொடுவதற்கு முன் கேட்பதும் இந்த வயதில் மருந்தின் பகுதிதான்.

வீடு திரும்பிய பிறகு

வார்டிலிருந்து வந்த நாலரை வயதுக்காரி படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள், மழலை பேசுகிறாள், அம்மாவை விட்டு நகர்வதில்லை. கடைசியாகக் கற்றதுதான் முதலில் உதிரும். நோயால் களைத்த குழந்தை பழைய, எளிதான நிலைக்கு இறங்கி இளைப்பாறுகிறது. திட்டாமல், பழைய நேர ஒழுங்குக்கு மெல்லக் கொண்டுவந்தால் பொதுவாகச் சில வாரங்களில் திரும்பிவிடும். நீண்ட நாள் படுத்திருந்த ஒன்பது மாதக் குழந்தை தவழத் தாமதித்தாலும் உடனே பின்தங்கியதாக எழுதிவிட வேண்டாம். தரையில் விரிப்புப் போட்டுக் கைக்கு எட்டாத தூரத்தில் கிண்ணத்தை வைத்து வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் நின்ற குழந்தை நிற்க மறுத்தாலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் திரும்பாமலே போனாலும், ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்தாமல் விட்டாலும் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. 18 மாதம் தாண்டியும் நடக்காத குழந்தைக்கும் அதே விதி. குழந்தை மருத்துவரிடம் காட்டலாம், மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை அங்கே கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். போகும்போது குழந்தை முன்பு செய்துகொண்டிருந்ததைக் காட்டும் செல்போன் வீடியோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தத் திறன் இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படிவமும் சொல்லாது.